‘கம்ப்ளைட்’ என்று எழுதியது பதிலாகுமா? டெண்டர் பதிலை அனுப்பும் முன் சரிபார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெண்டரில் 140 ஷரத்து இருக்கிறது. எங்கள் இணக்க அட்டவணையிலும் 140 வரி இருக்கிறது, எல்லா வரியிலும் ‘கம்ப்ளைட்’, அதாவது கேட்டபடி இணங்குகிறோம் என்று போட்டாயிற்று. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

அந்த 140 வரியில் எத்தனை கடமைகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஷரத்து எண் ஆவணம் தயாரித்தவருடைய வசதிக்காகப் போடப்பட்டது. ஒரே எண்ணுக்குக் கீழே ஏழு தேவைகள் இருக்கலாம். ஒன்றுமே கேட்காத முன்னுரைப் பத்திக்கும் ஓர் எண் இருக்கலாம். ஏழு தேவைகளுக்குச் சேர்த்து ஒரே ‘கம்ப்ளைட்’ எழுதினால், அதில் ஆறு உண்மையாக இருந்து ஒன்று விட்டுப்போனதை அட்டவணை காட்டிக்கொடுக்காது. மதிப்பிடுகிறவர் அந்த ஒன்றைத்தான் பிடிப்பார்.

ஆகவே முதல் வேலை பிரிப்பதுதான். ‘ஆம் அல்லது இல்லை’ என்று தனியாகப் பதில் சொல்லக்கூடிய ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வரி. 140 ஷரத்து பிரிந்து 300 வரியைத் தொடுவது சாதாரணம். பிரித்த வரிகளுக்கு 4.3.2-அ, 4.3.2-ஆ என்று மூல எண்ணோடு சேர்த்தே பெயரிடுங்கள். புதிதாக வரிசை எண் கொடுத்தால் டெண்டருக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கும் வழி அறுந்துவிடும். தேவையின் வாசகத்தையும் டெண்டரில் உள்ளபடியே ஒட்டுங்கள். சுருக்கி எழுதும்போதுதான் ‘முழுச் சுமையில்’, ‘குறைந்தபட்சம்’ போன்ற சொற்கள் உதிர்கின்றன.

ஒரு ஷரத்தை எடுத்துப் பிரித்துக் காட்ட முடியுமா?

உதாரணத்துக்காக உருவாக்கிய ஒரு ஷரத்து இது. இப்படிப்பட்டவை எங்கும் வரும்:

“4.3.2: 20 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ், வெளியீட்டு பவர் ஃபேக்டர் 0.9, சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரை முழுச் சுமையில் இயங்க வேண்டும். முழுச் சுமையில் குறைந்தது 30 நிமிடம் பேக்கப் தர வேண்டும். பேட்டரியின் வடிவமைப்பு ஆயுள் 10 ஆண்டு. வழங்கப்படும் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் டெஸ்ட் ரிப்போர்ட், 5 ஆண்டுக்கு உட்பட்டதாக, இணைக்கப்பட வேண்டும்.”

அதற்கு வந்த பதில்: “கம்ப்ளைட். டேட்டாஷீட் பார்க்கவும். எங்கள் பேட்டரிகள் 40 டிகிரியிலும் 10 ஆண்டு உழைக்கும்.”

ஷரத்தைப் பிரித்தால் கிடைப்பவை: திறனும் வகையும், பவர் ஃபேக்டர், 40 டிகிரியில் முழுச் சுமை, முழுச் சுமையில் 30 நிமிடம், வடிவமைப்பு ஆயுள், டெஸ்ட் ரிப்போர்ட். கடைசியில் உள்ளதற்குள் மட்டும் நான்கு சோதனைகள் உண்டு: அதே மாடலா, ஆய்வகத்துக்கு அங்கீகாரம் உண்டா, தேதி 5 ஆண்டுக்குள் வருகிறதா, பிரதி உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா. ஆக ஒரு ஷரத்து, ஒன்பது வரி. பதிலோ ஒற்றைச் சொல்.

அந்தப் பதிலை ஆதாரத்தோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்?

டேட்டாஷீட்டைத் திறந்து, கீழே பொடி எழுத்தில் உள்ள குறிப்புகளோடு சேர்த்துப் படித்ததும் நிலைமை இது:

| கேட்டது | ஆதாரத்தில் இருப்பது | முடிவு |
|---|---|---|
| 20 கேவிஏ, ஆன்லைன், 0.9 | அப்படியே உள்ளது | ஆதாரம் உண்டு |
| 40 டிகிரியில் முழுச் சுமை | “0 முதல் 40 டிகிரி”. அடிக்குறிப்பு: 35 டிகிரிக்கு மேல் 80 சதவீதச் சுமை | பொருந்தவில்லை |
| முழுச் சுமையில் 30 நிமிடம் | “30 நிமிடம், பேட்டரித் தேர்வைப் பொறுத்து” | ஆதாரம் இல்லை, கணக்கு தேவை |
| வடிவமைப்பு ஆயுள் 10 ஆண்டு | பேட்டரி டேட்டாஷீட்: 10 ஆண்டு, 25 டிகிரியில் | ஆதாரம் உண்டு |
| அதே மாடலுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் | அதே வரிசையில் 10 கேவிஏ மாடலின் ரிப்போர்ட் | பொருந்தவில்லை |

இரண்டாம் வரிதான் அடிக்கடி ஏமாற்றுவது. ‘0 முதல் 40 டிகிரி’ என்பதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிடுகிறது, அடிக்குறிப்புக்குப் போவதில்லை. ஷரத்து கேட்டது வெப்பநிலை மட்டுமல்ல, அந்த வெப்பநிலையில் முழுச் சுமை. எண் பொருந்தினால் போதாது, எந்த நிலைமையில் அந்த எண் என்பதும் பொருந்த வேண்டும். ஆதாரத்தைச் சரிபார்ப்பதில் பாதி வேலை இதுவே.

நான்காம் வரியில் நேர்மாறான கோளாறு. டெண்டர் கேட்டது வடிவமைப்பு ஆயுள். அதை உற்பத்தியாளர்கள் 20 அல்லது 25 டிகிரி அடிப்படையில்தான் சொல்வார்கள், அதனால் ஆதாரம் போதும். ஆனால் பதில் எழுதியவர் ‘40 டிகிரியிலும் 10 ஆண்டு உழைக்கும்’ என்று தானாகச் சேர்த்துவிட்டார். லெட்-ஆசிட் பேட்டரியில் வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கேட்காத ஒன்றை, நிறைவேற்ற முடியாத ஒன்றை, கையெழுத்துப் போட்டுத் தந்தாயிற்று. பதில் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிட்டால் அந்த வாக்கியமும் உங்களைக் கட்டும். அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

30 நிமிடத்துக்குக் கணக்கு போடச் சொல்கிறீர்கள். சரிபார்க்கிறவர் எஞ்சினியராக இல்லாவிட்டால்?

கணக்கை அவர் போட வேண்டியதில்லை. கணக்குத் தாள் இணைப்பில் இருக்கிறதா, அதில் உள்ள எண்கள் பொருள் பட்டியலில் உள்ள பேட்டரியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும். ஆனால் தாள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

நம் உதாரணத்தில் பொருள் பட்டியலில் 12 வோல்ட், 42 ஆம்பியர்-அவர் பேட்டரி 32 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுச் சுமை 20 × 0.9 = 18 கிலோவாட். இன்வெர்ட்டர் திறன் 94 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது 18 ÷ 0.94, அதாவது சுமார் 19.15 கிலோவாட். ஒரு பேட்டரிக்கு 6 செல் வீதம் மொத்தம் 192 செல். ஆக ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 100 வாட், 30 நிமிடத்துக்கு.

இப்போது பேட்டரி டேட்டாஷீட்டின் டிஸ்சார்ஜ் அட்டவணையில் 30 நிமிடப் பத்தியைப் பாருங்கள். இந்த உதாரணத்தில் அங்கே ஒரு செல்லுக்கு 82 வாட் என்று இருக்கிறது. தேவை 100, கிடைப்பது 82. 30 நிமிடம் நிற்காது. பேட்டரி புதிதாக இருக்கும்போதே இந்த நிலை.

‘42 ஆம்பியர்-அவர் இருக்கிறதே, சுமார் 50 ஆம்பியர் வீதம் அரை மணி நேரத்துக்கு 25 தானே ஆகும்’ என்று வாதம் வரும். 42 என்பது மெதுவாக, 10 அல்லது 20 மணி நேரத்தில் காலி செய்தால் கிடைக்கும் அளவு. அரை மணி நேரத்தில் உறிஞ்சினால் லெட்-ஆசிட் பேட்டரி அவ்வளவையும் தராது. அதனால்தான் பெருக்கல் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு டிஸ்சார்ஜ் அட்டவணையைக் கேட்கிறோம்.

பதில் சொல்லாமல் விட்டுப்போகும் தேவைகள் பொதுவாக எங்கே ஒளிந்திருக்கும்?

தொழில்நுட்பப் பிரிவில் அபூர்வம், அதை எல்லோரும் படிக்கிறார்கள். விட்டுப்போவது வேறு இடங்களில்.

படிவங்களின் அடிக்குறிப்பு முதலாவது. ‘இப்படிவத்துடன் கடந்த 3 ஆண்டுத் தணிக்கை அறிக்கை இணைக்கப்பட வேண்டும்’ என்பது ஷரத்துப் பட்டியலில் எங்குமே இருக்காது, படிவத்தின் அடியில் மட்டும் இருக்கும். இரண்டாவது மதிப்பீட்டு முறைப் பிரிவு: அதில் ‘பயிற்சித் திட்டத்துக்கு 5 மதிப்பெண்’ என்று இருந்தால், பயிற்சித் திட்டம் என்ற ஆவணத்தை மறைமுகமாகக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது வரைபடங்களும் பொருள் பட்டியலின் விவரப் பத்தியும். வரைபடத்தின் ஓரக் குறிப்பில் கேபிள் வகை எழுதியிருக்கும், தொழில்நுட்பப் பிரிவில் அது வராது. நான்காவது, ‘பிரிவு 7-இல் கூறியபடி’ என்று வேறு இடத்துக்கு அனுப்பும் வாக்கியங்கள். அங்கே போனால் இன்னும் நான்கு தேவைகள் காத்திருக்கும்.

ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தால் கட்டாயத் தேவையைக் காட்டும் சொற்களை இயந்திரத்தனமாகத் தேடி, கிடைத்த இடங்களை அட்டவணையோடு ஒப்பிடுங்கள்:

```
pdftotext -layout tender.pdf tender.txt
grep -niE "shall|must|required|minimum|at least|not less than" tender.txt
```

இதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்தே இருக்காது, படம்தான் இருக்கும். தேடல் அவற்றைத் தாண்டிப் போய்விடும், எச்சரிக்கையும் வராது. முதலில் எந்தப் பக்கங்கள் ஸ்கேன் என்று பார்த்து, அவற்றைக் கையால் படியுங்கள். இன்னொன்று: வாக்கியமாக இல்லாமல் அட்டவணையில் வெறும் எண்ணாக வரும் தேவையை இந்தத் தேடல் பிடிக்காது. ஆகவே இது படிப்பதற்கு மாற்று ஆகாது, படித்தபின் விட்டதைப் பிடிக்கும் வலை.

திருத்த அறிவிப்பு மூன்று வந்தது. அவற்றை எப்படிச் சேர்ப்பது?

தனித் தாளாக வைக்காதீர்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் அது மாற்றும் ஷரத்தின் வரிக்கே கொண்டுபோய், பழைய வாசகத்தை அடித்துக் காட்டி, புதியதைக் கீழே எழுதி, எந்தத் திருத்தம், என்ன தேதி என்று குறியுங்கள். அழித்துவிட்டால் ஏன் மாறியது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்களும் இதே கணக்கு. ஆனால் ‘டெண்டர் வாசகமே செல்லும்’ என்று பதில் வந்திருந்தால், உங்கள் சந்தேகத்துக்கு அவர்கள் இடம் தரவில்லை என்று பொருள். அந்த வரியைச் சிவப்பாக்கி வையுங்கள். கேள்வி கேட்டவரே ‘கேட்டாயிற்று, தீர்ந்தது’ என்று நினைத்து மறந்துபோகும் இடம் அது.

சில திருத்தங்கள் படிவத்தையே மாற்றும். பழைய படிவத்தில் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்ட பிறகு மூன்றாவது திருத்தம் வருவதுண்டு. படிவங்களின் பதிப்பையும் கடைசியில் ஒருமுறை பாருங்கள்.

சான்றிதழ் எல்லாம் இணைத்திருக்கிறோம். அதிலும் பார்க்க என்ன இருக்கிறது?

பெயர், எல்லை, தேதி, மாடல். நான்கும்.

பெயர்: சான்றிதழில் உள்ள நிறுவனமும் டெண்டர் போடும் நிறுவனமும் ஒன்றா? தாய் நிறுவனத்தின் சான்றிதழ் துணை நிறுவனத்துக்குத் தானாகச் செல்லாது.

எல்லை: ஐஎஸ்ஓ 9001 சான்றிதழில் எந்தச் செயல்பாட்டுக்கு, எந்த முகவரிக்கு என்று எழுதியிருக்கும். ‘வர்த்தகமும் விநியோகமும்’ என்று மட்டும் இருந்தால் அது உற்பத்திக்கான சான்று ஆகாது. ஐஎஸ்ஓ 27001 என்றால் எல்லை வாசகம் இன்னும் முக்கியம். தலைமை அலுவலகத்தின் ஐடி பிரிவுக்கு மட்டும் பெற்றிருப்பார்கள், டெண்டர் கேட்பதோ தரவு மையத்துக்கு. இணைப்புத் தாளில்தான் முகவரிகள் இருக்கும், முதல் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து வைத்தால் அது தெரியவே தெரியாது.

தேதி: சமர்ப்பிக்கும் நாளில் மட்டுமல்ல, டெண்டர் கேட்கும் காலம் வரை செல்லுபடி ஆகுமா? இந்த மாதம் முடியும் சான்றிதழ் என்றால் புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான கடிதத்தை ஏற்பார்களா என்று டெண்டரில் தேடுங்கள். சொல்லவில்லை என்றால் ஏற்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

மாடல்: எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசியில் உள்ள ஓர் எழுத்து வேறு மின்னழுத்தத்தையோ வேறு உறையையோ குறிக்கலாம். அதே வரிசையின் 10 கேவிஏ ரிப்போர்ட்டை 20 கேவிஏ-க்கு வைப்பதென்றால், வரிசை முழுவதற்கும் ஒரு ரிப்போர்ட் போதும் என்று டெண்டர் சொல்லியிருக்க வேண்டும். ‘இரண்டும் ஒரே வடிவமைப்பு’ என்ற உற்பத்தியாளர் கடிதம் டெஸ்ட் ரிப்போர்ட்டின் இடத்தை நிரப்பாது.

உத்தரவாதம், 4 மணி நேரத்தில் வந்து பழுது பார்ப்பது மாதிரியானவற்றுக்கு என்ன ஆதாரம் காட்ட முடியும்? அது இனிமேல் நடக்கப்போவதுதானே?

நியாயமான கேள்வி. இங்கே சான்றிதழ் தேடிப் பயனில்லை. வாக்குறுதியை நிறைவேற்ற வழி இருக்கிறது என்று காட்டுவதுதான் ஆதாரம். எந்த இடத்திலிருந்து ஆள் கிளம்புவார், அங்கே எத்தனை பேர், இரவில் யார், உதிரி பாகம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அழைப்பு யாருக்குப் போகும். 12 இடங்களுக்கு 4 மணி நேரம் என்று கேட்டிருக்க, பதிலில் ஒரே ஒரு சேவை மையத்தின் முகவரி இருந்தால், அதிலிருந்து மிகத் தொலைவான இடத்துக்குப் பயண நேரம் மட்டும் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

‘நோட்டட்’, ‘ஏற்றுக்கொள்கிறோம்’, ‘ஆர்டர் கிடைத்ததும் தருவோம்’ ஆகிய மூன்றையும் தனியாக வடிகட்டிப் பாருங்கள். அபராதம், பணம் செலுத்தும் முறை போன்ற ஷரத்துக்கு ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்பது முழுப் பதில். ஆவணம் கேட்ட ஷரத்துக்கு அதுவே வெற்றிடம். ‘நோட்டட்’ என்பதோ படித்தோம் என்று மட்டும் சொல்கிறது, செய்வோம் என்று சொல்லவில்லை. எந்த ஷரத்துக்கும் அதை எழுதாமல் இருப்பதே மேல்.

எக்செலில் இதையெல்லாம் விரைவாகக் கண்டுபிடிக்க வழி உண்டா?

வெற்றிடங்களைக் கண்டுபிடிக்க உண்டு. நிலை F பத்தியிலும் ஆதாரப் பக்கம் G பத்தியிலும் இருந்தால்:

```
=COUNTIFS(F:F,"Complied",G:G,"")
```

இது பூஜ்யமாக வர வேண்டும். யாராவது G பத்தியில் ஒரு இடைவெளியைத் தட்டி வைத்திருந்தால் அந்தக் கட்டம் காலியாகக் கணக்கில் வராது, அதையும் நினைவில் வையுங்கள். G பத்தியில் ‘டேட்டாஷீட் பார்க்கவும்’ என்று இருந்தால் அதுவும் காலிக்குச் சமம்தான். ஆவணப் பெயர், பக்கம், அந்தப் பக்கத்தில் எந்த வரி அல்லது அட்டவணை, மூன்றும் வேண்டும். பக்க எண் இறுதித் தொகுப்பில் உள்ள எண்ணாக இருக்கட்டும். தொகுப்பு சேர்த்த பிறகு எல்லாப் பக்க எண்ணும் நகர்ந்துவிடும் என்பதால், இந்தப் பத்தியைக் கடைசியில் நிரப்புவதே வழக்கம்.

சரிபார்ப்பை யார் செய்வது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

பதில் எழுதியவர் செய்யக்கூடாது. அவருக்கு விஷயம் தெரியும், அதனால் தாளில் இல்லாததையும் சேர்த்தே படிப்பார். ஆதாரப் பக்கத்தைத் திறந்து, படித்து, நிலைமையை ஒப்பிட ஒரு வரிக்கு 3 முதல் 4 நிமிடம் வைத்தால் 300 வரிக்கு 15 முதல் 20 மணி நேரம். இரண்டு பேர், ஒன்றரை நாள். கடைசி நாள் மாலையில் முடிகிற வேலையல்ல.

இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, ஓட்டை தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் ஓட்டை எந்த வகை என்று பிரியுங்கள். பொருள் சரியாக இருக்கிறது, தாள்தான் இல்லை என்றால் உற்பத்தியாளரிடம் கேளுங்கள். 20 கேவிஏ ரிப்போர்ட் அவரிடம் இருந்து, உங்களுக்கு அனுப்பப்பட்டது மட்டும் 10 கேவிஏ-யுடையதாக இருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

பொருளே போதவில்லை என்றால் பொருளை மாற்ற வேண்டும். நம் உதாரணத்தில் பெரிய பேட்டரி, அல்லது இன்னொரு வரிசை 32 பேட்டரி. இங்கே தவறவிடக்கூடாதது: பேட்டரி மாறினால் விலை மாறும், பெட்டியின் அளவு மாறும், எடை மாறும், தரை தாங்கும் கணக்கும் மாறும். தொழில்நுட்பப் பதிலைத் திருத்திவிட்டு விலைப் பட்டியலைத் திருத்தாமல் விட்டால் பழைய ஓட்டையை அடைத்துப் புதியதைத் திறந்ததாகும். 40 டிகிரிக்கு ஒரு படி பெரிய யுபிஎஸ் கொடுப்பது வழி. 25 கேவிஏ-யில் 80 சதவீதம் சரியாக 20 கேவிஏ. ஆனால் கேட்டது 20 கேவிஏ என்பதால், பெரியதை ஏற்பார்களா என்று ‘குறைந்தபட்சம்’ என்ற சொல் ஷரத்தில் இருக்கிறதா எனப் பாருங்கள்.

இரண்டும் முடியாதென்றால், விலகலை அறிவிக்க டெண்டர் படிவம் தந்திருந்தால் அதில் நேராக எழுதுங்கள். விலகலே கூடாது என்று இருந்தால் ஆதாரமில்லாத ‘கம்ப்ளைட்’ வைத்து வெல்வது வெற்றியாகாது. பொருள் ஏற்புச் சோதனையில் யுபிஎஸ் 30 நிமிடம் நிற்காதபோது பேட்டரியை உங்கள் செலவில் மாற்ற வேண்டியிருக்கும்.

தேவையிலிருந்து பதிலுக்குப் போய்ப் பார்த்தாயிற்று. திருப்பியும் பார்க்க வேண்டுமா?

வேண்டும், இதை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அட்டவணையை மூடிவைத்து, இறுதித் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். உங்கள் பதிலுக்கு முரணான வாக்கியம் உள்ளே எங்காவது கிடக்கிறதா என்பதுதான் தேடல். துணை விற்பனையாளரின் கொட்டேஷனை அப்படியே இணைத்திருப்பார்கள், அதன் கடைசிப் பக்கத்தில் ‘உத்தரவாதம் 12 மாதம், பேட்டரி தவிர’ என்று அச்சாகியிருக்கும். அட்டவணையிலோ 36 மாதத்துக்குக் ‘கம்ப்ளைட்’. டேட்டாஷீட்டின் மூலையில் ‘முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்குரியது’ என்று இருப்பது எல்லோரிடமும் இருப்பதுதான், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் விலைப் பட்டியலின் கீழே ‘கேபிள், நிறுவுதல் சேர்க்கப்படவில்லை’ என்று யாரோ பழைய வார்ப்பிலிருந்து ஒட்டிய வரி இருந்தால், நிறுவித் தருவதற்குப் போட்ட எல்லாக் ‘கம்ப்ளைட்’டையும் அது தள்ளுபடி செய்துவிடும்.